தெரேசா யாழினியின் திருமுழுக்கு: அழைப்பும் வழிபாட்டுக் குறிப்பும்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மகள் தெரேசா யாழினிக்கு 2026 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்கு, பாளையங்கோட்டை தூய சவேரியார் பேராலயத்தில் திருமுழுக்கு நடைபெறுகிறது. ஞானஸ்நானம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பதும் இதைத்தான். சுற்றமும் நட்புமாக வந்திருந்து குழந்தையை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம். பகல் விருந்து மகாராஜ நகரில் எங்கள் வீட்டு மாடியில்.

மார்கழியில் யாராவது விசேஷம் வைப்பார்களா என்று சங்கரன்கோவில் ஆச்சி கேட்டுவிட்டார்கள். இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றதைத் திருச்சபை கொண்டாடும் நாள் இந்த ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதே நாளில் யாழினிக்கும் நடக்கட்டும் என்று விரும்பினோம். ஞாயிறு ராகுகாலம் மாலை நாலரைக்கு மேல்தான் என்பதை ஆச்சியே காலண்டரில் பார்த்துத் தெளிந்துவிட்டார்கள். ஆகவே அந்தப் பேச்சு முடிந்தது.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது முதல் அனுபவமாக இருக்கும். கோயிலுக்குள் எங்கே உட்காருவது, எப்போது எழுவது, எதைச் செய்தால் தவறாகிவிடும் என்ற தயக்கத்தோடு யாரும் தூணோரம் நிற்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறோம்.

வருவதற்கு முன்

பட்டு, பருத்தி, எது உடுத்தினாலும் சரி. கறுப்பு வேண்டாம் என்று ஆச்சி சொல்லச் சொன்னார்கள்; கோயிலில் அப்படி விதி எதுவும் இல்லை. திருநீறும் குங்குமமும் பூவுமாக வழக்கம்போல வாருங்கள். சில பெண்கள் தலையில் முக்காடு இட்டிருப்பார்கள். அது அவர்கள் வழக்கம். நீங்கள் இட வேண்டியதில்லை. செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். வாசலில் சிறு கிண்ணத்தில் மந்திரித்த தண்ணீர் இருக்கும். நாங்கள் அதைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வோம். நீங்கள் நேராக உள்ளே வரலாம்.

காலைத் திருப்பலி முடிந்த பிறகே நம் நிகழ்ச்சி தொடங்கும். சீக்கிரமே வந்து அதிலும் உட்கார நேர்ந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையாகப் போகும்போது நீங்கள் இருந்த இடத்திலேயே இருங்கள். அது கோயில் பிரசாதம்போல வருகிற எல்லாருக்கும் கொடுக்கப்படுவது அல்ல. போகவில்லை என்று யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

வழிபாடு

முக்கால் மணி நேரம் ஆகலாம். மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும், முழங்காலிட வேண்டாம். செபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

எல்லாம் வாசலில்தான் தொடங்குகிறது. குழந்தைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று பங்குத்தந்தை வினவுவார். ‘தெரேசா யாழினி’, ‘திருமுழுக்கு’ என்று நாங்கள் சொல்வோம். தெரேசா என்பது என் அம்மாவின் பெயர், ஒரு புனிதையின் பெயரும்கூட. யாழினி முத்துலட்சுமி வைத்தது. பிறகு பங்குத்தந்தையும் நாங்களும் ஞானப்பெற்றோரும் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவோம்.

உள்ளே போனதும் விவிலிய வாசகமும் சிறிய மறையுரையும் இருக்கும். அப்போது தாராளமாக உட்காருங்கள். தொடர்ந்து புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி மன்றாடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று கூட்டம் முழங்கும். முதல் தடவை கேட்கிறவர்களுக்கும் அந்த ராகம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

அடுத்து வருவது தீமையிலிருந்து குழந்தையைக் காக்க வேண்டும் என்ற மன்றாட்டு. அதில் சாத்தான் என்ற சொல் வருவதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டாம். குழந்தைக்கு ஒன்றும் பிடித்திருக்கவில்லை. எல்லாக் குழந்தைக்கும் சொல்லப்படுவதுதான். உடனே நெஞ்சில் ஆயத்த எண்ணெய் பூசப்படும்.

தண்ணீரை மந்திரித்ததும் பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் கேள்விகள் கேட்கப்படும்: தீமையை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை விசுவசிக்கிறீர்களா என்று. நானும் ஞானப்பெற்றோரும் பதில் சொல்வோம். முத்துலட்சுமி குழந்தையை ஏந்திக்கொண்டு பேசாமல் நிற்பாள். மாற்றுச் சமயத்தைச் சேர்ந்த தாயோ தந்தையோ அந்த இடத்தில் மௌனமாக இருக்கத் திருச்சபையே இடம் தந்திருக்கிறது. ‘அவள் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை’ என்ற முணுமுணுப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

பிறகுதான் முக்கியமான கட்டம். தந்தை, மகன், தூய ஆவியார் பெயரைச் சொல்லிப் பங்குத்தந்தை மூன்று முறை தலையில் தண்ணீர் ஊற்றுவார். யாழினி அழுவாள், சந்தேகமே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். செல்போனோடு தொட்டியைச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். படம் எடுக்க ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறோம், எல்லாருக்கும் அனுப்புகிறோம். அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் முன்வரிசையில் இருக்கிற நான்கு தாத்தா பாட்டிகள்.

அடுத்து உச்சந்தலையில் கிறிஸ்மா பூசுவார்கள். நறுமணம் சேர்த்து, புனித வாரத்தையொட்டி ஆயர் அர்ச்சித்த எண்ணெய் அது. பிறகு வெள்ளை ஆடை. ஈஸ்டர் இரவில் முதலில் ஏற்றிய பாஸ்கா திரியிலிருந்து ஞானத்தகப்பன் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றவைப்பார். கடைசியாகக் கர்த்தர் கற்பித்த செபமும், தாய்க்கும் தந்தைக்கும் வந்திருக்கும் எல்லாருக்கும் ஆசியும். அந்த ஆசி உங்களுக்கும் உரியது.

தாய்மாமனைப் பற்றி

ஞானப்பெற்றோராக நிற்பவர்கள் என் அக்கா ஸ்டெல்லாவும் நண்பர் சேவியரும். தாய்மாமன் சிவசங்கர் இருக்கும்போது வேறொருவரா என்று கேட்டவர்களுக்கு: ஞானப்பெற்றோர் உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதை நாங்கள் மாற்ற முடியாது. மாமனின் உரிமையைக் குறைக்கவும் மாட்டோம். குழந்தைக்கு உடுத்தும் வெள்ளை ஆடை மாமன் சீராக வருகிறது. சிவசங்கரே அதைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்து கொடுப்பார். பங்குத்தந்தை மகிழ்ச்சியோடு சம்மதித்துவிட்டார். காதுகுத்து சித்திரையில், மாமன் மடியில்தான்.

விருந்து

கோயிலிலிருந்து வீட்டுக்கு வேன் உண்டு. மார்கழி நோன்பிருப்பவர்களுக்கு மாடியின் கிழக்குப் பக்கம் சொதிச் சாப்பாடு, இஞ்சிப் பச்சடியோடு. மேற்குப் பக்கம் ஆட்டிறைச்சி பிரியாணி; கறி ஹலால் கடையில் வாங்குவதால் அலுவலக நண்பர்களும் தயங்காமல் சாப்பிடலாம். சமையல்காரர்களும் அடுப்பும் பாத்திரமும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி. சொதி குறைவாகத்தான் வைக்கிறோம் என்று நினைத்துக் கிறிஸ்தவ உறவினர் யாரும் முதலில் கிழக்கே ஓட வேண்டாம், போதுமான அளவு இருக்கும்.

மொய் நோட்டு வைக்கவில்லை. குழந்தைக்கு எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். உடுப்பு வாங்குவதாக இருந்தால் ஒரு வயதுக்கான அளவில் வாங்குங்கள். ஆறு மாத அளவு இப்போதே ஒரு பீரோ நிறைய இருக்கிறது.

வழி தெரியாதவர்கள் பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் சவேரியார் கோயில் என்றால் போதும். சங்கரன்கோவிலிலிருந்து வருகிறவர்களுக்கு ஆச்சி வீட்டு வாசலிலிருந்து காலை ஏழு மணிக்கு ஒரு வேன் புறப்படும். இடம் வேண்டுவோர் வியாழக்கிழமைக்குள் சிவசங்கரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆரோக்கியராஜ் – முத்துலட்சுமி
மகாராஜ நகர், பாளையங்கோட்டை