பொருள்: பராமரிப்பு டெக்னீஷியன் பணிக்கான விண்ணப்பம்

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் வெளிநாட்டுத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவுக்கு டெக்னீஷியன் தேவை என்ற அறிவிப்பைக் கண்டு விண்ணப்பிக்கிறேன்.

தொழிற்பயிற்சிக்குப் பின் லேத்தில் 9 ஆண்டுகளும், மில்லிங்கில் 5 ஆண்டுகளும் பணியாற்றியுள்ளேன். வரைபடத்தைப் படித்து, மைக்ரோமீட்டரில் சரிபார்த்து, 0.02 மி.மீ. அளவு வரம்புக்குள் வேலையை முடிப்பது எனக்குப் பழக்கமானது. கடைசி 4 ஆண்டுகளாகப் பழுதுநீக்கும் பணியும் என் பொறுப்பில் உள்ளது. தேய்ந்த ஷாஃப்டுக்குப் பதிலாகப் புதியதைக் கடைந்து, கீவே வெட்டி, பேரிங் உட்காரும் இடத்தைச் சரியான இறுக்கத்தில் முடித்து, டயல் இண்டிகேட்டர் வைத்து ஓட்டம் பார்த்தபின்பே இயந்திரத்தை ஒப்படைப்பேன். பாகத்தைச் செய்யத் தெரிந்தவருக்கு அது ஏன் தேய்ந்தது என்பதும் எளிதில் பிடிபடும் என்பதாலேயே பராமரிப்புப் பணியை விரும்புகிறேன். பி.எல்.சி. கட்டுப்பாட்டில் எனக்கு அனுபவமில்லை. ஹைட்ராலிக் பழுதுகளில் அடிப்படைப் பயிற்சி மட்டுமே உண்டு.

ஷிப்டு முறையில் பணிபுரியச் சம்மதம். கடவுச்சீட்டு செல்லுபடியில் உள்ளது. தற்போதைய பணியிலிருந்து விலக 30 நாள் அவகாசம் தேவைப்படும். தன்விவரக் குறிப்பையும் அனுபவச் சான்றிதழ்களையும் இணைத்துள்ளேன். காணொளி நேர்காணலுக்கோ செய்முறைத் தேர்வுக்கோ தாங்கள் குறிப்பிடும் நாளில் வரத் தயாராக உள்ளேன்.

இப்படிக்கு,
செல்வம்