உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் சான்றிதழ் வாங்கியாச்சு!

மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபோஸ்டாக் என்ற பயிற்சியில், கேட்டரிங் பிரிவுத் தேர்வு பாஸ். கை கழுவுவது, தொப்பி போடுவதெல்லாம் தெரிந்த கதைதான். உருப்படியாகப் பிடிபட்டது வெப்பநிலைக் கணக்கு: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி மளமளவெனப் பெருகும் என்பதால் சாம்பாரோ குருமாவோ அந்தச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கக்கூடாது, மறுபடி சுட வைத்தால் நடுப்பகுதியும் 75-ஐத் தொட வேண்டும். அப்புறம் எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கழிவான மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு ஆகாது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. இந்த ஆவணி முகூர்த்தத்திலிருந்து நம் கல்யாண ஆர்டர்களில் பந்திக்குப் பந்தி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதப்போகிறோம் (மாஸ்டர் இப்போதே முறைக்கிறார்). ஆர்டர் கொடுப்பவர்கள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.