தொடர்ச்சியான வரவின்மை தொடர்பில் காரணம் காட்டக் கோரும் கடிதம்

பதிவுத் தபால் மூலம்
12.09.2025

இயந்திர இயக்குநர் (ஊழியர் இலக்கம் 47),
ஐஸ் தொழிற்சாலை,
திருகோணமலை.

ஐயா,

வரவுப் பதிவேட்டின்படி நீங்கள் கடந்த ஆகஸ்ட் 4, 18, செப்டெம்பர் 1 ஆகிய திங்கட்கிழமைகளிலும், செப்டெம்பர் 8 முதல் 10 வரையும் முன்னனுமதியின்றிக் கடமைக்குச் சமுகமளிக்கவில்லை. ஆகஸ்ட் 19இல் மேற்பார்வையாளர் உங்களை வாய்மொழியாக எச்சரித்துள்ளார். செப்டெம்பர் 8 அதிகாலை அமுக்கி இயந்திரத்தை இயக்க ஆளில்லாததால், கொட்பே துறைமுகத்திலிருந்து புறப்படவிருந்த படகுகளுக்கு ஒப்புக்கொண்ட ஐஸை வழங்க முடியாமற்போனது. அவ்வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்களே.

ஆகவே, உங்கள் மீது ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கான விளக்கத்தை 26.09.2025 பிற்பகல் 4 மணிக்கு முன் எழுத்துமூலம் சமர்ப்பிக்கவும்.

உங்கள் பதிலில் ஒவ்வொரு திகதிக்குமான காரணத்தை வெவ்வேறாகக் குறிப்பிட்டு, அன்று யாருக்கு, எந்நேரம், எவ்வாறு அறிவித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். சுகவீனமாயின் மருத்துவச் சான்றிதழின் மூலப்பிரதியை இணைக்கவும். 'வீட்டுப் பிரச்சினை' என்று மட்டும் எழுதுவது விளக்கமாகாது, எனினும் அந்தரங்க விடயங்களை மூடிய உறையில் என்னிடம் நேரில் ஒப்படைக்கலாம். பதிவேட்டில் பிழையிருப்பதாகக் கருதினால் அத்திகதியை மறுத்து, உடன் பணியாற்றியவரின் பெயரைத் தாருங்கள். ஏற்றுக்கொள்ளும் திகதிகளைத் தெளிவாக ஏற்று, இனி வரவை எவ்வாறு சீர்செய்வீர்கள் என்று கூறினால் அதுவும் கவனத்திற் கொள்ளப்படும்.

இக்கடிதம் தண்டனைத் தீர்மானமன்று. உரிய திகதிக்குள் பதில் கிடைக்காவிடின், கைவசமுள்ள ஆவணங்களைக் கொண்டு உள்ளக விசாரணை ஆரம்பிக்கப்படும்.

இங்ஙனம்,
முகாமையாளர்

பிரதி: தனிப்பட்ட கோவை