மண்டபம் வீட்டு வாடகை ஒப்பந்தம்: எளிய சொற்களில்

அன்புள்ள சித்திக்கு,

பழைய ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து மாற்றி எழுதிவிட்டேன். குடிவரப் போகும் தம்பி விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவர் வீட்டில் கணக்கு வழக்கெல்லாம் மனைவிதான். "காலி சுவாதீனம்" என்ற சொல்லில் விரலை வைத்து, "வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதா அக்கா?" என்று கேட்டார். கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரியாத பத்திரம் எதற்கு?

முதலில் "1ஆம் பார்ட்டி", "2ஆம் பார்ட்டி" இரண்டையும் எடுத்துவிட்டேன். பழைய தாளில் ஓரிடத்தில் எண் மாறிப்போய், வாடகை பாக்கியை நீங்கள் கட்ட வேண்டும் என்று ஆகியிருக்கிறது! இனி வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்றே வரும்.

பழையது: "பிரதி ஆங்கில மாதம் 5ஆம் தேதிக்குள் வாடகை ரூ.5,000 செலுத்தி ரசீது பெறவேண்டியது."
புதியது: "ஒவ்வொரு ஆங்கில மாதமும் 5ஆம் தேதிக்குள் ரூ.5,000 வாடகை கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்."

"ஆங்கில" என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். எடுத்தால் ஜனவரி 5ஆ, தை 5ஆ என்று பேச்சு வரும்.

பழையது: "மேற்படி சொத்தை உள்வாடகைக்கோ யாதொரு பராதீனத்துக்கோ உட்படுத்தலாகாது."
புதியது: "குடியிருப்பவர் இந்த வீட்டை வேறு யாருக்கும் வாடகைக்கு விடவோ, விற்கவோ, அடகு வைக்கவோ, எழுதிக்கொடுக்கவோ கூடாது."

பழையது: "கெடு முடிவில் ஆட்சேபணையின்றிக் காலி சுவாதீனம் ஒப்படைத்து, பாக்கி நீக்கி அட்வான்ஸ் ரூ.15,000ஐ வட்டியின்றிப் பெறவேண்டியது."
புதியது: "11 மாதம் முடிந்ததும் குடியிருப்பவர் மறுப்புச் சொல்லாமல் தன் பொருள்களை எடுத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். முன்பணம் ரூ.15,000இல் பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியை வீட்டுக்காரர் வட்டி இல்லாமல் திருப்பித் தர வேண்டும்."

பழையது: "சகஜ தேய்மானம் நீங்கலாக இதர சேதாரங்களுக்கு 2ஆம் பார்ட்டியே உத்தரவாதி."
புதியது: "நாள்பட்ட புழக்கத்தில் தேய்ந்ததற்குக் குடியிருப்பவர் பணம் தர வேண்டாம். மற்றபடி உடைந்ததற்கும் கெட்டதற்கும் அவரே பொறுப்பு. உப்புக் காற்றில் துருப்பிடிப்பது தேய்வில் சேரும்."

இதில் கடைசி வாக்கியம் மட்டும் நான் சேர்த்தது. கடல் பக்கத்து ஜன்னல் கம்பியைத் தொட்டாலே துரு செதில் செதிலாகக் கையோடு வருகிறது. போன முறை குடியிருந்தவரோடு அந்தக் கம்பிக்காகத்தானே மனக்கசப்பு வந்தது? பழைய சொல்லிலும் இதுதான் பொருள் என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் வைக்க மாட்டேன்.

11 மாத ஒப்பந்தம் என்பதால் பதிவு தேவையில்லை என்று பக்கத்துவீட்டு மாமா சொன்னாராம். அது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்துச் சொல்வது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வந்த வாடகைச் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நானே கூட வருகிறேன்.

துரு பற்றிய வரி இருக்கட்டுமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள். தெரிந்ததும் பத்திரத்தாளில் தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்