நூலகர் ஐயாவுக்கு நன்றிக் கடிதம்

திருச்சிராப்பள்ளி
7.4.2025

மதிப்பிற்குரிய நூலகர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாய்மொழித் தேர்வு முடிந்தது. 1924ஆம் ஆண்டுக் காவிரிப் பெருவெள்ளத்தைப் பற்றிய என் திட்டக் கட்டுரையைத் துறையில் ஏற்றுக்கொண்டார்கள். புறத் தேர்வாளர் முதலில் கேட்ட கேள்வியே, "இந்தச் சிந்துப் பாட்டு உனக்கு எங்கே கிடைத்தது?" என்பதுதான். அவருக்குச் சொன்ன பதிலில் பாதி உங்களைப் பற்றியது. அதை உங்களிடமும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நவம்பரில் நான் முதல்முறை வந்தபோது என் கையில் இருந்தது இவ்வளவுதான்: முசிறியில் இருக்கும் என் அப்பாயிக்கு அரைகுறையாக நினைவிருந்த இரண்டு அடிகள். கொட்டிலில் கட்டிய மாட்டை அவிழ்த்துவிடாமல் ஓடிவந்தவன் புலம்புவதாக வரும் அடிகள் அவை. அவருடைய தகப்பனார் சிறுவனாக இருந்தபோது சந்தையில் ஒருவர் அதைப் பாடிப் பாடிப் புத்தகமாக விற்றார் என்று அப்பாயி சொல்வார். நூலின் பெயர் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. அதற்கு முன் நான் போன இடங்களில் கணினியில் 'வெள்ளம்' என்று தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நீங்கள் என்னை உட்காரச் சொல்லி அந்த இரண்டு அடிகளையும் பாடிக் காட்டச் சொன்னீர்கள். கூச்சத்தோடு பாடினேன். கேட்டுவிட்டு, "இது சிந்து மெட்டு. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் வரும் குஜிலிப் புத்தகமாகத்தான் இருக்கும். தேடிப் பார்க்கலாம்" என்றீர்கள். இருக்கிறதா இல்லையா என்ற பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை. அன்று வீடு திரும்பும்போது எனக்கு ஏற்பட்ட தைரியத்துக்கு அதுதான் காரணம்.

பயன்படுத்திய சீட்டு ஒன்றின் பின்புறத்தில் நீங்கள் எழுதித் தந்த பட்டியலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். காவிரி அல்ல, காவேரி. 1924 என்று தேடாதே, ரக்தாக்ஷி என்று தேடு; இரத்தாட்சி என்றும் தேடு. சிந்து, கும்மி, அலங்காரம், ஒப்பாரி எல்லாவற்றையும் பார். அதன் கீழே ௵, ௴ என்ற இரண்டு குறிகளை வரைந்து, வருஷத்துக்கும் மாதத்துக்கும் அந்தக் காலத்து அச்சகத்தார் போட்டவை இவை என்று விளக்கினீர்கள். ஐந்தாண்டு வரலாறு படித்த எனக்கு அந்தக் குறிகளை அதற்கு முன் யாரும் காட்டியதில்லை.

அப்படித் தேடியும் கிடைக்கவில்லை. பிறகுதான் 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னீர்கள். மாகாணத்தில் அச்சான நூல்களைப் பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழான செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டோடு பட்டியலாக வெளியிட்டார்கள். பெரிய புலவரின் நூலானாலும் அரையணாப் பாட்டுப் புத்தகமானாலும் பதிந்திருந்தால் அதில் ஒரு வரி இருக்கும் என்றீர்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு என்னென்ன கடிதம் கொண்டுபோக வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லித் தந்தீர்கள். பல்லவன் ரயிலில் போய் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ரோமன் எழுத்தில் தமிழ்த் தலைப்புகள்; பக்க எண்ணிக்கை, விலை, எத்தனை படிகள் அச்சிட்டார்கள் என்பது வரை பத்தி பத்தியாகப் பிரித்திருந்தார்கள். இரண்டாம் நாள் பிற்பகல், மூடுவதற்குச் சற்று முன், வெள்ளத்தைப் பற்றிய அந்த எட்டுப் பக்கச் சிந்து கண்ணில் பட்டது. பாடியவர் பெயரும் இருந்தது.

ஆனால் பட்டியலில் இருந்தது ஒரு வரிதான், புத்தகம் எங்கே என்று தெரியவில்லை. திரும்பி வந்து உங்களிடம் பெயரைச் சொன்னேன். நீங்கள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இவர் ரயில் விபத்தைப் பற்றியும் ஒன்று பாடியிருக்கிறார், நம்மிடம் இருக்கிறது" என்று பழைய நூற்பட்டியல் அட்டைப் பெட்டியின் இழுப்பறையைத் திறந்தீர்கள். மஞ்சளேறிய அட்டை. மை மங்கிய கையெழுத்தில் அந்த ரயில் சிந்தின் தலைப்பு. அதற்கு அடுத்து 'முதலியன' என்று ஒரு சொல். நீங்கள் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இதற்குள்தான் இருக்க வேண்டும்" என்றீர்கள். அட்டையைக் கணினியில் ஏற்றியவர்கள் 'முதலியன' என்பதை விட்டுவிட்டு முதல் தலைப்பை மட்டும் ஏற்றியிருந்தார்கள். பல ஆண்டுகளாக ஒரு சொல்லுக்குள் எத்தனை பாட்டுகள் அடைபட்டுக் கிடந்தன என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

அந்தப் புத்தகக் கட்டை நீங்கள் எடுத்து வந்ததையும் மறக்க மாட்டேன். துணியில் கிடத்தி, தையல் நூல் போன முதுகுப் பக்கம் அசையாமல் இரண்டு பக்கமும் பஞ்சுத் தலையணை வைத்தீர்கள். தாள் அப்பளம் போல் முறிகிற நிலையில் இருந்தது. விரலால் புரட்டக் கூடாது என்று சொல்லி, ஒவ்வொரு தாளுக்கு அடியிலும் மெல்லிய வெள்ளை அட்டையைச் செருகித் தூக்கித் திருப்பினீர்கள். பதினோராவது நூலின் மேலட்டையில் 'ரக்தாக்ஷி௵ ஆடி௴' என்று இருந்ததை முதலில் பார்த்தவர் நீங்கள். வாய் திறக்காமல் நானே படிக்கட்டும் என்று காத்திருந்தீர்கள். ஐந்தாம் பக்கத்தில் பூச்சி அரித்த ஓட்டைகளுக்கு நடுவே அந்த மாட்டுக் கொட்டில் அடி இருந்தது. அப்பாயி சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது.

மேட்டூர் அணையின் பணி 1925இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆடியில் காவிரிக் கரையில் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அரசுக் கோப்புகளிலிருந்து எழுதிவிடலாம். உடைந்த கரையும் நின்றுபோன ரயிலும் நிவாரணத் தொகையும் அவற்றில் உண்டு. மாட்டை அவிழ்க்காமல் வந்தவனின் குற்ற உணர்வு அந்தச் சிந்தில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் என் மூன்றாம் இயலே இல்லை.

உங்கள் மேசைக்குப் பின்னால் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனின் படம் மாட்டியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அவர் பொறுப்பேற்றதும் அதே 1924தான் என்று பின்னால்தான் கவனித்தேன். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று அவர் வகுத்த விதியைப் பாடமாகப் படித்திருக்கிறேன். அதை ஒருவர் செய்வதை உங்களிடம்தான் பார்த்தேன், ஐயா.

அந்தப் பாட்டை அப்பாயிக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். எண்பத்து நான்கு வயதில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். நடுவில் நிறுத்தச் சொல்லி, தன் தகப்பனார் இழுத்த மாதிரி அந்த இரண்டு அடிகளையும் தானே பாடினார். ஒலிப்பதிவு செய்திருக்கிறேன், உங்களுக்கும் தருகிறேன்.

கட்டுரையின் ஒரு படியை இத்துடன் நூலகத்துக்காக வைத்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டில் இருக்கும் இருபத்து மூன்று நூல்களுக்கும் தலைப்பு, பாடியவர், அச்சகம், ஆண்டு, பக்கம் என்று தனித்தனியாகப் பட்டியல் எழுதியிருக்கிறேன். நான்கு நூல்களின் மேலட்டை கிழிந்திருப்பதால் அச்சகத்தின் பெயர் தெரியவில்லை. அவற்றை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். நீங்கள் சரி என்றால், வரும் சனிக்கிழமை காலை வந்து அவை அனைத்தையும் உங்கள் கணினியில் நானே ஏற்றித் தருகிறேன். காவேரி, காவிரி என்ற இரண்டு எழுத்திலும் ஏற்றிவிடுகிறேன்.

மிக்க நன்றியுடன்,
தங்கள் அன்புள்ள,
கயல்விழி
முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு