காரில் ஏற்றப்பட்ட சாஃப்ட்வேர் அப்டேட் விவரமும் வாரண்டி நிலையும் கேட்டுக் கடிதம்

குலசேகரம்,
14.07.2025

அனுப்புநர்:
ஸ்டெல்லா,
குலசேகரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
சர்வீஸ் மேலாளர் அவர்கள்,
கார் விற்பனை மற்றும் சர்வீஸ் நிலையம்,
நாகர்கோவில்.

பொருள்: 23.06.2025 அன்று சர்வீஸின்போது என் காரில் ஏற்றப்பட்ட சாஃப்ட்வேர் அப்டேட்களின் முழு விவரமும், அப்டேட் தோல்வியால் செயலிழந்த இன்ஃபோடெயின்மென்ட் திரைக்கு வாரண்டி உண்டா என்பதற்கு எழுத்துமூலமான பதிலும் கோருதல் தொடர்பாக.

பார்வை: 23.06.2025 தேதியிட்ட தங்கள் ஜாப் கார்டும் பில்லும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மே 2023இல் தங்கள் நிலையத்தில் வாங்கிய என் காரை, 30,000 கிலோமீட்டர் சர்வீஸுக்காக 23.06.2025 அன்று காலையில் தங்களிடம் ஒப்படைத்தேன். வண்டியின் பதிவு எண்ணும் சேசிஸ் எண்ணும் இணைப்பில் உள்ள ஆர்.சி. நகலில் இருக்கின்றன. வண்டிக்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி உண்டு என்று வாரண்டி புத்தகத்தில் அச்சிடப்பட்டுள்ளது. ஆண்டுக் கணக்கிலும் கிலோமீட்டர் கணக்கிலும் வண்டி இன்னும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது.

சர்வீஸுக்கு விட்டபோது நான் சொன்ன வேலைகள் ஆயில் மாற்றுவது, முன் பிரேக்கில் வந்த சத்தத்தைப் பார்ப்பது, ஏ.சி. ஃபில்டர் மாற்றுவது ஆகியவை மட்டுமே. திரையில் எந்தக் குறையும் அப்போது இல்லை, அப்டேட் வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நண்பகலில் தங்கள் சர்வீஸ் அட்வைசர் தொலைபேசியில் அழைத்து, கம்பெனியிலிருந்து சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருப்பதாகவும் அதையும் சேர்த்துப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். எதற்கான அப்டேட், எவ்வளவு நேரம் ஆகும், போட்டால் என்ன மாறும் என்ற விவரம் எதையும் அவர் சொல்லவில்லை.

மாலையில் வண்டியை எடுக்க வந்தபோது, திரையில் அப்டேட் பட்டை 60 சதவீதத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. முடியும்வரை காத்திருக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், ஓட்டிக்கொண்டு போங்கள், போகிற வழியில் தானாக முடிந்துவிடும் என்று அட்வைசர் சொல்லி அனுப்பினார். அழகியமண்டபம் வந்தபோது திரை அணைந்தது. பிறகு கம்பெனியின் சின்னம் தோன்றி, மறைந்து, மீண்டும் தோன்றியது. வீட்டை அடைந்து இன்ஜினை நிறுத்தி மறுபடி இயக்கியபோது திரையில் வந்த வாசகம் இதுதான்:

```
Update failed. Please contact your dealer.
```

அன்று முதல் இன்றுவரை இந்த வாசகத்துக்கும் சின்னத்துக்கும் இடையிலேயே திரை மாறி மாறி நிற்கிறது. அதைக் காட்டும் ஒளிப்படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பாட்டு கேட்க முடியவில்லை என்பது என் முறையீடு அல்ல. என் வண்டியில் பின்பக்கக் கேமராவின் காட்சி, ரிவர்ஸ் சென்சாரின் எச்சரிக்கை ஒலி, ஏ.சி.யின் காற்றுத் திசை ஆகிய மூன்றும் இந்தத் திரையின் வழியாகவே இயங்குகின்றன. 01.07.2019 முதல் தயாராகும் கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் எச்சரிக்கை கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். சட்டம் கட்டாயமாக்கிய அந்த ஒலி என் வண்டியில் இப்போது எழுவதில்லை. என் வீட்டுக்குப் போகும் பாதை ரப்பர் தோட்டத்துக்கும் கால்வாய்க் கரைக்கும் நடுவே ஒரு வண்டி மட்டும் போகும் அகலமுள்ளது. எதிரில் பால் ஏற்றிய ஆட்டோ வந்தால் நான்தான் பின்னால் எடுக்க வேண்டும். மழையில் பின் கண்ணாடி மங்கிப்போகும் இந்த மாதங்களில் பிள்ளைகள் நடந்து வரும் அந்த வழியில் பின்னோக்கி வண்டி எடுக்க எனக்கு அச்சமாக இருக்கிறது. எனவே இதை ஒரு பொழுதுபோக்குக் கருவியின் பழுது என்று கருதாமல், பாதுகாப்பு சார்ந்த பழுதாகவே தாங்கள் கருத வேண்டும்.

30.06.2025 அன்று வண்டியைத் தங்களிடம் மீண்டும் கொண்டுவந்தேன். தொழில்நுட்பப் பணியாளர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேன் கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, திரையை இயக்கும் ஹெட் யூனிட்டின் போர்டு போய்விட்டது, முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்றார். வரி தனியாக, 46,800 ரூபாய் ஆகும் என்றும், சாஃப்ட்வேர் கோளாறு வாரண்டியில் வராது என்றும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அன்றைய பரிசோதனைக்கு ஜாப் கார்டு திறக்கப்படவில்லை. ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கேட்டேன், அது தரப்படவில்லை. காரணமாகவும் அன்று இரண்டு வேறு செய்திகள் சொல்லப்பட்டன. பேட்டரி சார்ஜ் குறைந்ததால் அப்டேட் நின்றிருக்கும் என்றார் ஒருவர். இணையம் வழியாக வந்த அப்டேட்டை நான் வீட்டில் ஏற்றுக்கொண்டு, சிக்னல் கிடைக்காமல் அது பாதியில் நின்றிருக்கும் என்றார் மற்றொருவர்.

இந்த இரண்டு காரணங்களும் தங்கள் பதிவேடுகளோடு ஒத்துப்போகவில்லை. 23.06.2025 தேதியிட்ட ஜாப் கார்டிலேயே பேட்டரி பரிசோதனை என்ற இடத்தில் 12.6 வோல்ட், நல்ல நிலை என்று தங்கள் பணியாளர் கையால் எழுதியிருக்கிறார். அதே நாள் பில்லில், "சாஃப்ட்வேர் அப்டேட், 1, ரூ.0.00" என்று ஒரு வரி இருக்கிறது. அப்டேட்டைத் தொடங்கியது தங்கள் பணிமனை என்பதற்கு இந்த வரியே சான்று. அப்டேட் முடிந்ததா, பாதியில் நின்றதா என்பதை மட்டும் அந்த வரி சொல்லவில்லை. வாரண்டி உண்டா இல்லையா என்பது, எந்த அப்டேட்டை யார் எப்போது எந்த நிலையில் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்தே அமையும். ஆகவே பதிவைப் பார்க்காமல் வாரண்டி இல்லை என்று சொல்லப்பட்டதை என்னால் ஏற்க இயலவில்லை.

எனவே, 23.06.2025 அன்று என் வண்டியில் எந்தெந்தக் கட்டுப்பாட்டு யூனிட்களில் சாஃப்ட்வேர் மாற்றப்பட்டது என்பதைத் தனித்தனியாக எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹெட் யூனிட் மட்டும்தானா, அல்லது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யு., மீட்டர் கன்சோல், இணையத் தொடர்புக்கான டெலிமேட்டிக்ஸ் யூனிட், கதவுப் பூட்டையும் விளக்குகளையும் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் யூனிட் ஆகியவையும் சேர்ந்தவையா என்பது எனக்குத் தெரிய வேண்டும். சர்வீஸுக்குப் பிறகு வண்டி நகரத் தொடங்கியதும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்வது நின்றுவிட்டது என்பதாலேயே இதை வலியுறுத்திக் கேட்கிறேன். ஒவ்வொரு யூனிட்டுக்கும் அப்டேட்டுக்கு முன்பிருந்த பதிப்பு எண், ஏற்ற முயன்ற பதிப்பு எண், தற்போது அதில் உள்ள பதிப்பு எண், தொடங்கிய நேரம், முடிந்த அல்லது நின்ற நேரம் ஆகியவை தங்கள் கண்டறியும் கருவியின் பதிவில் இருக்கும். அந்தப் பதிவின் அச்சு நகலே எனக்குப் போதுமானது, புதிதாக எதையும் எழுதித் தயாரிக்க வேண்டியதில்லை.

அதோடு, இந்த அப்டேட் பென்டிரைவ் மூலம் ஏற்றப்பட்டதா, ஸ்கேன் கருவி வழியாகவா, இணையம் வழியாகவா என்பதையும், உற்பத்தியாளர் அறிவித்த சர்வீஸ் நடவடிக்கையின் கீழ் செய்யப்பட்டிருந்தால் அதன் குறியீட்டு எண்ணையும் தெரிவிக்க வேண்டுகிறேன். இன்ஜின் நின்றிருக்கும்போது நீண்ட நேர அப்டேட் ஓடினால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும் என்பதால், வெளியிலிருந்து சீரான மின்சாரம் தரும் கருவியைப் பொருத்திவிட்டே சாஃப்ட்வேர் ஏற்றுவது பணிமனைகளில் உள்ள வழக்கம். என் வண்டிக்கு அது பொருத்தப்பட்டிருந்ததா? பட்டை ஓடிக்கொண்டிருந்த நிலையில் வண்டியை ஒப்படைத்து ஓட்டிச் செல்லச் சொன்னது உற்பத்தியாளரின் பணி விதிமுறைக்கு உட்பட்டதுதானா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நேரடியான பதிலை எதிர்பார்க்கிறேன்.

வாகன சாஃப்ட்வேர் அப்டேட் குறித்து ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் 2021 முதல் நடைமுறையில் உள்ள 156ஆம் எண் ஒழுங்குவிதி, இணையம் வழியாக வரும் அப்டேட் தோற்றாலோ பாதியில் நின்றாலோ வண்டி முந்தைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும், அல்லது பாதுகாப்பான நிலையில் வைக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. அந்த விதி 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் சேர்ந்தது என்பதும், இந்தியா அதில் உறுப்பு நாடு அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு அப்டேட் தோற்றால் வண்டி பழைய பதிப்புக்குத் திரும்பும்படி வடிவமைப்பது உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். என் யூனிட் ஏன் பழைய பதிப்புக்குத் திரும்பவில்லை? பழைய பதிப்பை மீண்டும் ஏற்றும் முயற்சி 30.06.2025 அன்று செய்யப்பட்டதா? அந்த முயற்சியே செய்யாமல் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்வது முறையாகாது என்பது என் கருத்து.

இனி வாரண்டி. வாரண்டி புத்தகத்தின் விலக்குப் பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். வைப்பர், பிரேக் பேட், கிளட்ச் தகடு, வெளியில் வாங்கிப் பொருத்திய துணைப்பொருட்கள் ஆகியவை அதில் உள்ளன. தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த ஹெட் யூனிட்டோ அதன் சாஃப்ட்வேரோ அந்தப் பட்டியலில் இல்லை. என் வண்டியில் வெளியில் வாங்கிய கேமராவோ ஸ்பீக்கரோ கூடுதல் ஒயரிங்கோ கிடையாது. ஆகவே சாஃப்ட்வேர் வாரண்டியில் வராது என்பது எந்தப் பக்கத்தில் எந்தப் பிரிவில் உள்ளது என்பதைத் தயவுசெய்து எழுத்தில் காட்டுங்கள். இந்தப் பழுதுக்கான வாரண்டி கோரிக்கை உற்பத்தியாளருக்கு அனுப்பப்பட்டதா என்பதையும், அனுப்பப்பட்டு மறுக்கப்பட்டிருந்தால் கோரிக்கை எண்ணையும் மறுப்புக்கான காரணத்தையும், அனுப்பப்படவே இல்லையென்றால் உடனே அனுப்பிவைத்து அதன் நகலையும் எனக்குத் தர வேண்டும். இதை நான் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வாரண்டியை மறுக்கும் முடிவு உற்பத்தியாளருடையதா அல்லது கவுன்டரில் எடுக்கப்பட்டதா என்பது இதுவரை எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

ஒருவேளை வாரண்டிப் பிரிவுகளில் இது அடங்காது என்றே உற்பத்தியாளர் முடிவு செய்தாலும், தங்கள் பணிமனையில் தொடங்கிய வேலையின் விளைவாகச் செயலிழந்த பாகத்துக்கு நான் பணம் கொடுப்பது நியாயம் ஆகாது. வேலையில் நேர்ந்த குறையை வேலை செய்தவரே சரிசெய்ய வேண்டும் என்றே கேட்கிறேன்.

யூனிட் மாற்றப்பட வேண்டிய நிலை வந்தால், பழைய யூனிட்டில் உள்ள என் தொலைபேசித் தொடர்புகள், அழைப்புப் பட்டியல், சென்ற இடங்களின் பதிவு ஆகியவை என் முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும் அல்லது அழித்ததற்கான சான்று எழுதித் தரப்பட வேண்டும். புதிய யூனிட்டுக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் என்பதையும் பில்லில் குறிப்பிட வேண்டுகிறேன். என் வாரண்டி மே 2026இல் முடிவதால் இது முக்கியமாகிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தொடர்புடைய தகவலை நுகர்வோருக்குத் தராமல் வேண்டுமென்றே நிறுத்திவைப்பதையும் சேவைக் குறைபாட்டில் சேர்த்திருக்கிறது. தங்களோடு வழக்காடுவது என் நோக்கம் அல்ல. வாங்கிய நாளிலிருந்து எல்லா சர்வீஸையும் தங்களிடமே செய்துவந்திருக்கிறேன், தங்கள் பணியாளர்கள் பலமுறை அக்கறையோடு நடந்துகொண்டதும் நினைவில் இருக்கிறது. ஆயினும் 31.07.2025க்குள் எழுத்துமூலமான பதில் கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பள்ளி வேலை நாட்களில் மாலை 4.30 மணிக்குப் பிறகும் சனிக்கிழமைகளில் முழு நாளும் வண்டியைக் கொண்டுவர என்னால் இயலும். தங்கள் பதிவில் உள்ள என் எண்ணில் முன்கூட்டி அழைத்து நாள் குறித்தால் உதவியாக இருக்கும். அன்று வண்டியைத் தொடுவதற்கு முன்பே ஜாப் கார்டு திறக்கப்பட வேண்டும் என்றும், 30.06.2025 அன்று நடந்த பரிசோதனையும் அதில் பதியப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸ்டெல்லா
(வாகன உரிமையாளர்)

இணைப்பு: ஆர்.சி. நகல், 23.06.2025 தேதியிட்ட ஜாப் கார்டு மற்றும் பில் நகல்கள், வாரண்டி புத்தகத்தின் விலக்குப் பட்டியல் பக்கங்கள், திரையின் ஒளிப்படம்.

நகல்: உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு, தகவலுக்காகவும் நடவடிக்கைக்காகவும்.