மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர்: ஒரு மீற்றர் ஓட்டத்துக்கான விலைக்கணக்கு

இடம்: டிக்கோயாப் பக்கம், டீச்சரின் வீடு
திகதி: 20.01.2025

டீச்சர்,

கைப்பிடிச்சுவருக்கு அடிக்கணக்கில் ஒரு விலை சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். விலையை மட்டும் சொன்னால் அதற்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு மீற்றர் சுவரை எடுத்து, கல்லிலிருந்து கூலி வரை பிரித்து எழுதியிருக்கிறேன். அடிக்கணக்கு கடைசியில் இருக்கிறது.

சுவரின் அமைப்பு

கல்லின் நீளமே சுவரின் தடிப்பு. அதாவது நீங்கள் ஒன்பது இஞ்சிச் சுவர் என்று சொல்கிறது. இறக்கிய கல்லில் பத்தை அளந்தேன். சராசரி 220 × 105 × 65 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் சாந்தையும் சேர்த்தால் ஒரு வரி 75 மில்லிமீற்றர் உயரும். 12 வரி போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தளத்துக்கு மேலே நீர்த்தடுப்பும் சரிவுக் கொங்கிரீட்டும் வரும்போது உள்பக்கத்தில் 50 மில்லிமீற்றர் புதைந்து போகும். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம். எனவே 13 வரி, 975 மில்லிமீற்றர். சுவரின் தலைமேல் வார்க்கிற கொங்கிரீட் மூடிதான் கோப்பிங்; அதன் உள்விளிம்பு 75 சேர்த்து, புதைகிற 50-ஐக் கழித்தால், நிற்கிறவருக்கு சரியாக ஒரு மீற்றர் உயரம் கிடைக்கும்.

நாலரை இஞ்சிச் சுவர் போட்டால் கல் பாதி மிச்சம் என்று யாராவது சொல்லக்கூடும். சொல்வது சரிதான். ஆனால் அந்தச் சுவர் தனியாக நின்று காற்றைத் தாங்காது. இடையிடையே கம்பி வைத்த குட்டித்தூண்கள் வேண்டும். மாடியின் கொங்கிரீட் தட்டு போட்ட காலத்தில் அதற்குக் கம்பி விடவில்லை. மே மாதம் காற்று பிடித்தால் உங்கள் வீட்டு மேட்டில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்பது இஞ்சிச் சுவருக்கும் ஒரு பாரம் உண்டு. செங்கல், பூச்சு, கோப்பிங் எல்லாம் சேர்ந்து மீற்றருக்குக் கிட்டத்தட்ட 540 கிலோ. தட்டின் ஓரத்தில் அரைத் தொன்னுக்கு மேல் ஏறுகிறது. சுவர் வருகிற இடமெல்லாம் பீமுக்கு நேர் மேலேதான் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டேன். தேயிலைப் பக்கம் வெளியே நீட்டியிருக்கிற தட்டில் இந்தச் சுவர் வராது; அங்கே இரும்புக் கிராதி போடுவதாகப் பேசிக்கொண்டோம். அது இந்தக் கணக்கில் இல்லை.

நீளம்

சுவர் சுற்றுகிற பகுதியின் வெளியளவு 7.50 × 9.00 மீற்றர். சுற்றளவு 33.00. இதை அப்படியே எடுத்தால் நாலு மூலையிலும் நீங்கள் அதிகம் கொடுப்பீர்கள். சுவரின் நடுக்கோட்டில் அளப்பதுதான் முறை: 33.00-இலிருந்து நாலு தடவை 0.22 கழிந்தால் 32.12. தேயிலைப் பக்கத்துக் கிராதி 2.40 மீற்றர் கழிய, மிச்சம் 29.72. நான் 29.7 என்று எடுத்திருக்கிறேன். வேலை முடிந்த பிறகு நாம் இருவரும் ரேப் பிடித்து அளந்து, அந்த அளவுக்கே காசு.

ஒரு மீற்றருக்கு: செங்கல் கட்டு

ஒரு வரியில் குறுக்காக வைத்தால் மீற்றருக்கு 8.7 கல். 13 வரிக்கு 113. மலைப்பாதையில் லொறி ஏறி வருகிறபோது மூலை உடையும், வெட்டும்போதும் போகும். நூற்றுக்கு 5 கூட்டி 119 கல். விற்கிறவர் நூற்றுக்குப் பத்து உடையும் என்று பயமுறுத்துவார். அவ்வளவு உடைந்தால் கல்லே வேகவில்லை என்று அர்த்தம்.

சுவரின் கனவளவு 0.2145 கனமீற்றர். கல் மட்டும் 0.1697. மிச்சம் 0.0448 சாந்து. கீழே விழுவதற்கு 15 வீதம் கூட்டி, ஈரத்தில் சுருங்குகிற கணக்குக்கு 1.33 ஆல் பெருக்கினால் உலர்ந்த கலவை 0.0685 கனமீற்றர். ஒரு சீமெந்துக்கு ஐந்து மணல். சீமெந்து 16.4 கிலோ, மணல் 0.057 கனமீற்றர்.

மேசன் ஒருவர் தரையில் என்றால் ஒரு நாளைக்கு ஐந்நூறு கல் வைப்பார். இங்கே மூலைக்கு மூலை தூக்குக்குண்டு விடவேண்டும், மதியத்துக்கு மேல் மூடுபனி வந்து நூல் தெரியாமல் போகும். 400 என்று பிடித்திருக்கிறேன்: 0.28 ஆள்நாள்.

பூச்சு

உள்முகம் 0.975 மீற்றர். வெளிமுகம் 1.10, ஏனென்றால் தட்டின் ஓரம் 125 மில்லிமீற்றரையும் மூடிக்கொண்டு இறங்கவேண்டும். மொத்தம் 2.075 சதுரமீற்றர், 15 மில்லிமீற்றர் தடிப்பு. மூட்டுகளில் இறங்குகிறதுக்கும் சிந்துகிறதுக்கும் 20 வீதம் சேர்த்து, உலர்கணக்கு போட்டால், சீமெந்து 11.9 கிலோ, மணல் 0.041 கனமீற்றர். இதுவும் ஒன்றுக்கு ஐந்து. ஒன்றுக்கு மூன்று போடச் சொன்னீர்கள், வேண்டாம். சீமெந்து கூடக்கூட பூச்சு சுருங்கி, மயிர்போல வெடிப்பு விடும். மழை அந்த வெடிப்பைத் தேடித்தான் வரும்.

தட்டும் செங்கல்லும் சேருகிற கோட்டில் கோழிக்கூட்டு வலை ஒரு பட்டி அடித்துவிட்டுத்தான் பூசுவோம். கொங்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒரே மாதிரி அசையாது. வலை இல்லாவிட்டால் அந்தக் கோடு வெளியில் அப்படியே தெரியும்.

கோப்பிங்

இதைச் செலவு குறைக்கிற இடமாக நினைக்காதீர்கள். முன்னே ஒரு வீட்டில் நானே கோப்பிங்கை வெளிப்பக்கம் சரித்து, அடியில் தண்ணீர் சொட்டி விழுகிற காடி இல்லாமல் போட்டுவிட்டேன். ஒரு மழைக்காலம் முடியவில்லை, வெள்ளை அடித்த சுவர் முழுக்கக் கறுப்புக் கோடு. வீட்டுக்காரர் என்னைக் கண்டால் இன்னும் அந்தச் சுவரைத்தான் காட்டுவார்.

பூசிய சுவரின் தடிப்பு 250. இரண்டு பக்கமும் 50 நீட்டி, அகலம் 350 மில்லிமீற்றர். வெளிவிளிம்பு 100, உள்விளிம்பு 75; தண்ணீர் மாடிக்குள் விழுந்து குழாய்க்குப் போகும். நீட்டிய அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து 25 மில்லிமீற்றர் தள்ளி, இரண்டு பக்கமும் ஒரு காடி. பலகையில் பிளந்த வயர்க்குழாயை ஆணி அடித்து வார்த்தால் காடி நேராக வரும். பிறகு கரண்டியால் கீறுவது எனக்குப் பிடிக்காத வேலை.

கனவளவு 0.0306, சேதம் 5 வீதம் சேர்த்து 0.0322 கனமீற்றர். கலவை 1:2:4, முக்கால் இஞ்சி மெட்டல். சீமெந்து 10.2 கிலோ, மணல் 0.014, மெட்டல் 0.028 கனமீற்றர். கம்பி நீளத்துக்கு 10 மில்லிமீற்றர் இரண்டு, குறுக்கே 300-க்கு ஒன்றாக 6 மில்லிமீற்றர், வெட்டுச்சேதத்துடன் 1.55 கிலோ. மூன்று மீற்றருக்கு ஒரு இடைவெளி, 10 மில்லிமீற்றர்; கம்பியும் அங்கே நிற்கும், தொடராது. மேலே தனிப் பூச்சு கிடையாது. கொங்கிரீட் பச்சையாக இருக்கும்போதே மணியாசுக் கரண்டியால் தேய்த்துவிடுவோம்.

விலை, ஒரு மீற்றருக்கு

விலைகள் இந்த வாரம் கேட்டவை, வீட்டுக்குக் கீழே றோட்டில் இறக்கி: கல் 34 ரூபாய், சீமெந்து பை 1,950, மணல் கியூப் 27,000, மெட்டல் கியூப் 19,000, கம்பி கிலோ 330. மேசன் நாளுக்கு 4,500, கையாள் 3,200. ஒரு கியூப் 2.83 கனமீற்றர்.

| வேலை | பொருள் (ரூ.) | கூலி (ரூ.) | மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|
| செங்கல் கட்டு (மேசன் 0.28, கையாள் 0.35) | 5,231 | 2,380 | 7,611 |
| இருபக்கப் பூச்சு, வலை (0.22, 0.22) | 919 | 1,694 | 2,613 |
| கோப்பிங், கம்பி, பலகை (0.15, 0.20) | 1,505 | 1,315 | 2,820 |
| றோட்டிலிருந்து மாடிக்குச் சுமை | – | 960 | 960 |
| வெளிப்பக்கச் சாரம் | 350 | – | 350 |
| தண்ணீர் பாய்ச்சல், இடைவெளி அடைப்பு | 200 | – | 200 |
| கூட்டு | | | 14,554 |
| மேற்பார்வை, கருவி, இலாபம் 15 வீதம் | | | 2,183 |
| ஒரு மீற்றர் | | | 16,737 |

16,740 என்று வைத்துக்கொள்வோம். 29.7 மீற்றருக்கு 4,97,178 ரூபாய். அடிக்கு ஏறத்தாழ 5,100.

சுமைக்கூலியைப் பார்த்து நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஒரு மீற்றர் சுவருக்கு மட்டும் கல், மணல், சீமெந்து, மெட்டல் எல்லாம் சேர்ந்து 570 கிலோ அளவில் படி ஏறுகிறது. உங்கள் படியில் இருபத்தைந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நாளைக்கு எழுபது, எண்பது தடவைக்கு மேல் போகமாட்டார். கொழும்பில் வாங்கிய விலைக்கணக்கில் இந்த வரி இருக்காது. அதை வைத்துத்தான் இங்கே பலர் பேரம் பேசுகிறார்கள்.

மற்ற பாஸ் அடிக்கு 3,500 சொன்னதாகச் சொன்னீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனை இஞ்சிச் சுவர், கோப்பிங்குக்குக் கம்பி உண்டா, வெளிப்பூச்சு தட்டின் ஓரத்தையும் மூடுமா, சுமை யார் கணக்கு என்று நாலும் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

இந்த விலைக்குள் வராதவை: பெயின்ற், மழைத்தண்ணீர்க் குழாய்த் துளைகள், தளத்தின் நீர்த்தடுப்பும் சுவரடி வளைவும், தேயிலைப் பக்கக் கிராதி.

முழு வேலைக்கும் இறக்கவேண்டியது: கல் 3,550, சீமெந்து 23 பை, மணல் ஒன்றேகால் கியூப், மெட்டல் மூன்றில் ஒரு கியூப், ஆறு மீற்றர் 10 மில்லிமீற்றர் கம்பி 11, 6 மில்லிமீற்றர் கம்பி 7 கிலோ. சீமெந்தை ஒரேயடியாக வாங்கவேண்டாம். இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் பை கட்டிப்போகும். பத்துப் பத்தாகப் போதும், பலகைமேல் வைத்துத் தறப்பாள் போட்டு.

மேசன் வேலை 19 நாள், கையாள் சுமையில்லாமல் 23 நாள் வருகிறது. இரண்டு மேசன்மார் நின்றால் பத்து நாள் வேலை, மழைக்கு மூன்று நாள் சேருங்கள். பொங்கலுக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். பெப்ரவரி முதல் வாரம் தொடங்கினால், மார்ச் கடைசிக்கு மழை இறங்குமுன் பூச்சு நன்றாகக் காய்ந்திருக்கும். விலை ஒரு மாதத்துக்கு நிற்கும். அதற்குள் சீமெந்து கூடினால் கூடினதை மட்டும் சேர்ப்பேன், குறைந்தால் கழிப்பேன்.

முற்பணம் ஒன்றரை லட்சம், கல் இறங்கும் அன்று. கட்டு முடிந்ததும் இன்னொரு ஒன்றரை லட்சம். மிச்சம், கோப்பிங் பலகை கழற்றி, ஒரு மழையில் காடி சொட்டுகிறதா என்று நீங்களே பார்த்த பிறகு. அதுவரை மழை வராவிட்டால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம்.